ஐந்தாவது ஆளாகச் செய்த வேலையை அடுத்த ஸ்டார்ட்அப்பில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப்பில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது. சப்போர்ட், டெஸ்டிங், டெமோ, இன்வாய்ஸ் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தேன். இப்போது பணம் தீர்ந்து கம்பெனியை மூடுகிறார்கள். இதே மாதிரி இன்னொரு ஆரம்பக் கட்டக் கம்பெனியில்தான் சேர ஆசை, ஆனால் ரெஸ்யூமே அனுப்பினால் பதிலே வருவதில்லை. பொறுப்பெடுத்துச் செய்தேன், பல வேலை தெரியும், சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்பதை எப்படி நம்ப வைப்பது?

பதில்:

நானும் ஒரு கம்பெனியில் ஆறாவது ஆளாகச் சேர்ந்து தொடங்கியவன்தான். கடந்த ஒன்பது வருடமாகச் சின்னக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பொறுப்பு, பல வேலை, கற்கும் வேகம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக நிரூபிக்கப் போகாதீர்கள். உங்கள் கம்பெனியில் யாருடையதும் இல்லாமல் கிடந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படி உங்கள் கண்ணில் பட்டது, அதைத் துரத்திக்கொண்டு எங்கெல்லாம் போனீர்கள், கடைசியில் எப்படி நின்றது என்று முழுதாகச் சொல்லுங்கள். மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும்.

எட்டுப் பேர் வேலை செய்யும் கம்பெனியின் ஃபவுண்டர் உங்கள் ரெஸ்யூமேயில் "சப்போர்ட், டெஸ்டிங், டெமோ, இன்வாய்ஸ்" என்று படித்தால் அவருக்குத் தெரிவது ஒன்றுதான், இவையெல்லாம் உங்களிடம் கொடுக்கப்பட்டன என்று. நீங்களாக எதை எடுத்தீர்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அவர் தேடுவதோ அதைத்தான். அவர் கம்பெனியிலும் யாருக்கும் சொந்தமில்லாத பத்து வேலை கிடக்கிறது, அதில் எதைக் குனிந்து எடுப்பது என்று இந்த ஆளுக்குத் தானாகத் தெரியுமா என்பதுதான் அவர் கவலை.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். நான் வேலைக்கு எடுத்த ஒரு பெண்ணின் கதை இது, பெயரும் கம்பெனியும் வேண்டாம். மருந்து மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் விற்ற ஒரு கம்பெனியில் நான்காவது ஆளாக, சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கம்பெனியில் ஒரு தொல்லை இருந்தது. வியாபாரி பணம் கட்டுவார், பயிற்சிக்கும் வருவார், ஆனால் முதல் பில் போடுவதற்குள் பத்து நாளுக்கு மேல் ஓடிவிடும். சிலர் அதற்குள் பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பிவிடுவார்கள். சேல்ஸ் ஆள் "டெவலப்பர்கள் டேட்டா ஏற்ற லேட் பண்ணுகிறார்கள்" என்பார், டெவலப்பர் "கஸ்டமர் கொடுக்கிற எக்செல் குப்பை" என்பார். இரண்டுமே ஓரளவு உண்மை என்பதால் யாரும் அதற்கு மேல் போகவில்லை.

இவர் போனார். கஸ்டமர்கள் அனுப்பிய ஃபைல்களைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். மாத்திரை அட்டையில் காலாவதி "08/28" என்று இருக்கும், அதாவது 2028 ஆகஸ்ட். அதை எக்செல்லில் தட்டினால், அந்தக் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், எக்செல் அதை நடப்பு வருடத்தின் ஆகஸ்ட் 28 என்று மாற்றிவிடும். நல்ல சரக்கு இந்த வருடமே காலாவதியாகப் போவதாகத் தெரியும். பேட்ச் எண்ணில் இன்னொரு கூத்து, "2E10" என்று ஒரு பேட்ச் இருந்தால் எக்செல் அதைப் பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு 2.00E+10 என்று காட்டும், "00417" என்று இருந்தால் முன்னால் உள்ள சைபர்களைத் தின்றுவிடும். ஆக, கஸ்டமர் குப்பை அனுப்பவில்லை. அவர் நல்ல ஃபைலைத்தான் எடுக்கிறார், அனுப்புவதற்கு முன் சரிபார்க்கலாம் என்று எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமிக்கிறார், அங்கேதான் கெடுகிறது. கெட்ட பிறகு அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது, சைபர் எத்தனை இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அவர் செய்தது மூன்று. பழைய சாஃப்ட்வேரிலிருந்து ஃபைலை எடுத்து, திறக்காமல் அப்படியே அனுப்பும்படி போனில் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தார். அப்புறம் வந்த ஃபைலை ஏற்றுவதற்கு முன் சோதிக்க ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினார். பைத்தான் அதற்கு முன் அவருக்குத் தெரியாது. முக்கியமான வரி இதுதான், எல்லாவற்றையும் எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே படி என்று சொல்வது:

```python
df = pd.read_csv("stock.csv", dtype=str)
```

மூன்றாவது, சேல்ஸ் ஆள் "பழைய மூன்று வருட பில்லையும் ஏற்றித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுப்பதை ஃபவுண்டர் மூலமாக நிறுத்த வைத்தார். முதல் பில் போட இன்றைய ஸ்டாக் போதும், பழைய பில்களைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றாவதுதான் நேரத்தை அதிகமாகக் குறைத்தது என்று அவரே சொன்னார். பணம் கட்டியதிலிருந்து முதல் பில் வரை பதினோரு நாள் ஆனது, நான்கு நாளாகக் குறைந்தது.

இப்போது இந்தப் பெண் என்னிடம் முதலில் அனுப்பிய ரெஸ்யூமேயில் என்ன இருந்தது தெரியுமா? "கஸ்டமர் சப்போர்ட், ஆன்போர்டிங், டேட்டா மைக்ரேஷன், பைத்தான், சேல்ஸ் சப்போர்ட்." அவ்வளவுதான். இந்தக் கதை முழுவதும் அந்த ஐந்து சொற்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அவரை அறிந்த ஒருவர் சொன்னதால்தான் நான் கூப்பிட்டேன், இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படித் தாண்டிப் போன எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அதையே இப்படி எழுதலாம் (ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசை): "புதுக் கஸ்டமர் முதல் பில் போட 11 நாள் ஆனது. காரணம் எக்செல் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் மாற்றியது என்று கண்டுபிடித்தேன். சோதனை ஸ்கிரிப்ட் எழுதினேன், சேல்ஸ் வாக்குறுதியை மாற்ற வைத்தேன். 4 நாளானது. இப்போது சப்போர்ட்டில் புதிதாக வந்தவர் என் உதவி இல்லாமல் இதைச் செய்கிறார்." நான்கைந்து வரிதான். சப்போர்ட் ஆள் புரோகிராம் எழுதினார், சேல்ஸ் வாக்குறுதியை மாற்ற வைத்தார், கஸ்டமரோடு போனில் இருந்தார் என்பது தானாகத் தெரிகிறது. பல வேலை தெரியும் என்பதை இப்படித்தான் காட்ட முடியும். ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு அறைக்குள் போனால் நான்கு அறையும் ஏன் என்று படிக்கிறவருக்குப் புரியும். நான்கு அறையின் பெயரை மட்டும் எழுதினால் எதிலும் நிற்காதவர் என்றுதான் தோன்றும்.

புதிதாக வந்தவர் உங்கள் உதவி இல்லாமல் செய்கிறார் என்ற அந்தக் கடைசி வரியை ரெஸ்யூமேயில் விட்டுவிடாதீர்கள். நான் இன்டர்வியூவில் தவறாமல் கேட்கும் கேள்வி, "நீங்கள் எடுப்பதற்கு முன் இதை யார் பார்த்தார்கள், நீங்கள் விட்ட பிறகு யார் பார்க்கிறார்கள்?" முதலாவதுக்கு "யாரும் பார்க்கவில்லை" என்று பதில் வந்தால் நல்லது. இரண்டாவதுக்கும் அதே பதில் வந்தால் அங்கே பொறுப்பு பாதிதான் இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தேன், லீவே எடுக்கவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஃபவுண்டர் காதில் அது, இந்த ஆள் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்று விழுகிறது, அது அவருக்குப் பயம். யாரையும் கேட்காமல் நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், எதைக் கேட்காமல் செய்தீர்கள், எதைக் கேட்டுச் செய்தீர்கள், ஏன் என்று. சேல்ஸ் வாக்குறுதியை மாற்றும் விஷயத்தில் அந்தப் பெண் தானாக முடிவெடுக்கவில்லை, ஃபவுண்டரிடம் ஆறு கஸ்டமர்களின் தேதிகளைக் கொண்டுபோய்க் காட்டி அவர் வாயால் சொல்ல வைத்தார். ஸ்கிரிப்ட்டுக்கு யாரையும் கேட்கவில்லை. எல்லை எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கற்கும் வேகத்துக்கு வருகிறேன். "மூன்று வாரத்தில் பைத்தான் கற்றேன்" என்பதை யாரும் நம்புவதில்லை, மூன்று வாரத்தில் எவ்வளவு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நம்ப வைப்பது என்னவென்றால், எந்தத் தேதியில் எது தெரியாமல் இருந்தது, யாரிடம் போய்க் கேட்டீர்கள், எங்கே தப்பு செய்தீர்கள், அந்தத் தப்பு இரண்டாவது முறை நடந்ததா என்பதுதான். அதே வேலை முதல் தடவை எவ்வளவு நேரம் எடுத்தது, ஐந்தாவது தடவை எவ்வளவு என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பெண்ணை நான் எடுத்ததற்குக் காரணமே அவர் சொன்ன தப்புதான். ஸ்கிரிப்ட் எழுதிய புதிதில், காலாவதியான சரக்கு எதற்கு என்று அந்த வரிகளையெல்லாம் நீக்கிவிட்டார். பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. ஆனால் மருந்து மொத்த வியாபாரத்தில் காலாவதிச் சரக்கும் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். அதை மருந்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி கிரெடிட் நோட் வாங்குவார்கள், அது வியாபாரியின் பணம். ஒரு வியாபாரி ஸ்டாக் மதிப்பு குறைகிறதே என்று போனில் கத்தியிருக்கிறார். இவர் அன்று மாலையே நீக்கிய வரிகளைத் திரும்ப ஏற்றி, காலாவதிச் சரக்கைத் தனி இடத்தில் காட்டும்படி மாற்றினார். ஏற்கெனவே ஏற்றி முடித்த மற்ற மூன்று கஸ்டமர்களையும், அவர்கள் கவனிப்பதற்கு முன்பே, தானாகக் கூப்பிட்டுச் சொல்லிச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு, எந்த வரியையும் நீக்குவதற்கு முன் ஒரு வியாபாரியிடம் கேட்பது என்று பழக்கமாக்கிக்கொண்டார். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டார் என்றபோது என் மனதில் முடிவாகிவிட்டது. பொறுப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

எனவே உங்கள் கதையிலும் தப்பு இருக்கட்டும். மழுப்பாதீர்கள். ஆனால் "நான் ரொம்ப பர்ஃபெக்‌ஷன் பார்ப்பேன்" மாதிரி தப்பு வேண்டாம், கஸ்டமருக்கோ கம்பெனிக்கோ நிஜமாக ஏதாவது செலவு வைத்த தப்பாக இருக்க வேண்டும்.

சரி, எண்கள். அளந்து வைக்கவில்லையே என்று பலர் தயங்குவார்கள், இல்லாவிட்டால் வாய்க்கு வந்த எண்ணை அடித்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். பெரும்பாலும் எங்கோ பதிவு இருக்கும். பணம் வந்த தேதி இன்வாய்ஸில் இருக்கும், முதல் பயன்பாடு டேட்டாபேஸில் இருக்கும், குறை சொன்ன தேதி சப்போர்ட் டிக்கெட்டில் இருக்கும், நீங்கள் புரோகிராமைத் தொட்டிருந்தால் `git log` தேதி சொல்லும். பத்துக் கஸ்டமரை எடுத்துக் கையால் கணக்குப் போட்டால் ஒரு மதியம் ஆகும். "மாற்றத்துக்கு முன் பத்துக் கஸ்டமர், பின் பத்துக் கஸ்டமர், சராசரி இவ்வளவு" என்று சொன்னால் போதும், எண்ணிக்கை சின்னது என்று கூச்சப்பட வேண்டாம். எட்டுப் பேர் கம்பெனியில் எல்லா எண்ணும் சின்னதாகத்தான் இருக்கும், படிக்கிறவருக்கும் அது தெரியும். "செயல்திறனை 300 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதினால்தான் சந்தேகம் வரும். எண்ணை வெளியில் சொல்லலாமா என்று உங்கள் ஃபவுண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கஸ்டமர் பெயர், புரோகிராம், டேட்டா எதையும் எடுத்து வராதீர்கள். அதைக் காட்டிப் பேசுகிற ஆளை, நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் காட்டுவார் என்று நினைத்து, நான் எடுத்ததே இல்லை.

அடுத்தது, கதை தயாரானதும் எந்தக் கதவைத் தட்டுவது என்று பாருங்கள். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்று போனால் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். ஒரு வேலையின் பெயரைச் சொல்லி உள்ளே போங்கள், உங்கள் விஷயத்தில் சப்போர்ட்டும் டெமோவும் அதிகம் என்றால் ஆன்போர்டிங் அல்லது கஸ்டமர் சக்சஸ் என்று போகலாம். மற்றதெல்லாம் அந்தக் கதவுக்குள் போன பிறகு தெரியும். ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். என் அனுபவத்தில் இருபது பேர் வரை உள்ள இடங்களில்தான் இப்படிப் பல அறைக்குள் போகிறவருக்கு மரியாதை. அறுபது எழுபது பேர் ஆனதும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தலைவர் வந்துவிடுவார், அப்போது இதே குணம் தலையிடுவதாகத் தெரியும். இது உங்கள் குறை அல்ல, அவர்களுக்கு வேண்டியது வேறு.

ரெஸ்யூமேயை வேலைவாய்ப்பு தளத்தில் போட்டுக் காத்திருப்பதைவிட, ஐந்து கம்பெனியைத் தேர்ந்தெடுத்து அவர்கள் சாஃப்ட்வேரை ஒரு மணி நேரம் நிஜமாகப் பயன்படுத்திப் பார்த்து ஃபவுண்டருக்கு நேராக எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும். "உங்கள் ட்ரையலில் சேர்ந்து ஸ்டாக் ஏற்றிப் பார்த்தேன், தேதி இப்படி மாறுகிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். முந்தைய கம்பெனியில் இதே பிரச்சினையை இப்படித் தீர்த்தேன். ஆன்போர்டிங்குக்கு ஆள் தேடுகிறீர்கள் என்றால் பேசலாமா?" இவ்வளவு போதும். குறை கண்டுபிடித்ததாகத் தொனிக்கக் கூடாது, அவர் வீட்டுக் கூரையில் ஓட்டை என்று ஊர் கேட்கச் சொல்லாமல் காதோடு சொல்வது மாதிரி இருக்க வேண்டும். எல்லோரும் பதில் போட மாட்டார்கள், ஆனால் போடுகிறவர் படித்துவிட்டுத்தான் போடுவார்.

இன்டர்வியூவில் ஒரு இடத்தில் பலர் சறுக்குவார்கள், "நாங்கள்" என்பதில். சின்ன டீமில் வேலை செய்தவர்களுக்கு "நாங்கள் செய்தோம்" என்பதுதான் இயல்பாக வரும், நல்ல குணம்தான், ஆனால் கேட்பவருக்கு உங்கள் பங்கு எது என்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் "நான்" என்றால் அதுவும் பொய். "காரணத்தைக் கண்டுபிடித்தது நான், ஸ்கிரிப்ட்டைச் சரிபார்த்துக் கொடுத்தது எங்கள் டெவலப்பர், சேல்ஸிடம் பேசியது ஃபவுண்டர்" என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறருக்குரியதை விட்டுக்கொடுத்தால் உங்களுக்குரியதை நம்புவார்கள். இன்னொன்று, இந்த உலகம் சின்னது, நீங்கள் பெயர் கொடுக்காத ஆளிடமும் போன் போட்டு உங்களைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் பழைய டெவலப்பர் வேறு மாதிரி சொன்னால் அன்றோடு முடிந்தது.

கம்பெனி ஏன் மூடியது என்று கட்டாயம் கேட்பார்கள். யாரையும் குறை சொல்லாமல், உங்களுக்குத் தெரிந்த அளவில் காரணத்தைச் சொல்லுங்கள்: கஸ்டமர் கொடுத்த பணத்தைவிட அவரைப் பிடிக்க ஆன செலவு அதிகம், அடுத்த முதலீடு வரவில்லை, இப்படி ஏதாவது. இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், தன் மேஜையைத் தாண்டிக் கம்பெனியையும் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள், கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று. ஒரு கம்பெனி மூடுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர் இதைக் கேட்பதில் தப்பே இல்லை, நல்ல ஃபவுண்டர் நேராகப் பதில் சொல்வார். ட்ரையலாக வேலை கொடுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சரி, ஒரு வாரம் என்றால் சம்பளம் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள், இந்த வாரமே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். நான் சொன்ன தேதிகளையும் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதை வைத்து ஃபவுண்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து இது சரிதானா என்று கேளுங்கள். அவர் ஞாபகத்தில் இருந்தால்தான், மூன்று மாதம் கழித்து வேறொருவர் போன் செய்யும்போது "நல்ல பொண்ணு" "நல்ல பையன்" என்பதோடு நிறுத்தாமல் அந்தக் கதையைச் சொல்வார். அப்புறம் ரிலீவிங் லெட்டர், நீங்கள் கடைசியாகப் பார்த்த வேலையின் பெயரோடு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மாதச் சம்பளச் சீட்டு இவற்றை இப்போதே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள், பிஎஃப் பிடித்திருந்தால் உங்கள் யூஏஎன் கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். கம்பெனி மூடிய பிறகு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், ஒரு கையெழுத்துக்காக நான் ஐந்து மாதம் அலைந்திருக்கிறேன்.